கொதிகஞ்சி கொட்டினால் முதலில் குழாயடி

தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். காயத்துக்கு நாங்கள் மருந்து போடுவதைவிட, வீட்டில் போட்டு அனுப்பியதை எடுப்பதற்குத்தான் அதிக நேரம் போகிறது. பற்பசை, பேனா மை, மஞ்சள், காப்பித்தூள், இட்லி மாவு என்று பட்டியல் நீளும். சமீபத்தில் வந்த ஒரு பெண்ணின் கையில் பற்பசையோடு ஐஸ் கட்டியும் சேர்ந்திருந்தது. இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சோறு வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிகஞ்சி அவருடைய வலது முன்கையில் மணிக்கட்டு வரை கொட்டிவிட்டது. வெந்நீரைவிடக் கஞ்சி பொல்லாதது. வழிந்து ஓடாமல் தோலில் படிந்து சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். குழாய் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவரும் கையை நீட்டப் போயிருக்கிறார். “தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும்” என்று மாமியார் இழுத்துப் பிடித்துவிட்டார். ஐஸ் கட்டியை மணிக்கட்டில் அரை மணி நேரம் அழுத்திவைத்து, அதன் மேல் பற்பசையைப் பூசியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்தது மூன்றாம் நாள்.

இந்தக் கொப்புளக் கதையை ஒரு முறையாவது ஒழுங்காகப் பேசிவிடலாம். நம் மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. அதன் உச்சியில் செத்த செல்கள் தட்டையாக அடுக்கப்பட்டு, இடையில் கொழுப்பு பூசப்பட்டிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இந்தச் செத்த அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகாமலும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது இந்த அடுக்கு. கொதிக்கும் பொருள் பட்டால் மேல்தோலுக்கும் அடியில் உள்ள உள்தோலுக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. உள்தோலில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. கசிந்த திரவம் அந்த இடைவெளியில் தேங்கி நிற்பதே கொப்புளம். அதற்குள் இருப்பது உங்கள் உடம்பின் நீர். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட அதற்குள் போவதில்லை. கசிந்து தேங்குவதற்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் ஆகும் என்பதால், அதற்குள் தண்ணீர் ஊற்றியவர் பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிடுகிறார். ஊற்றாதவருக்கும் கொப்புளம் வரத்தான் செய்கிறது. அப்போது மட்டும் யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பாத்திரத்தில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது அல்லவா, கஞ்சியைத் துடைத்த பிறகு தோலுக்குள் நடப்பதும் அதுதான். 60 டிகிரி செல்சியஸ் சூடு சுமார் 5 விநாடி பட்டாலே பெரியவர்களின் தோல் ஆழமாக வெந்துவிடும். குழந்தைகளுக்கு அந்த அவகாசமும் கிடையாது. ஓடும் தண்ணீர் அந்த மிச்சச் சூட்டை வெளியே எடுக்கிறது. 20 நிமிடம் வேண்டும். இரண்டு சொம்பு ஊற்றினேன் என்றால் போதாது. உடனே முடியவில்லை என்றால் 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு.

அப்படியானால் ஐஸ் இன்னும் நல்லதுதானே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை. 1953-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜாக்சன், தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் வெந்து செத்த பகுதி. வெளிவட்டத்தில் ரத்த ஓட்டம் கூடிச் சிவந்திருக்கும் பகுதி. அது தானே ஆறிவிடும். இரண்டுக்கும் இடையில் ரத்தம் ஊர்ந்துகொண்டிருக்கும் பகுதி. அது பிழைப்பதும் சாவதும் அடுத்த இரண்டு மூன்று நாட்களில் முடிவாகும். எங்கள் போராட்டமெல்லாம் இந்த இடை வளையத்துக்காகத்தான்.

தோலின் ரத்த ஓட்டம் வேறு பல உறுப்புகளைப்போல ஒரே சீராக இருப்பதில்லை, ஏனென்றால் உடம்பின் சூட்டைச் சமன் செய்யும் வேலையும் தோலுடையதுதான். ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் ஓடும் ரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை உயரும். நம் விருப்பத்தைக் கேட்காமலே இயங்கும் பரிவு நரம்புகள் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் செய்யும், விரிக்கவும் செய்யும். இவற்றைத் தவிர, அந்தந்த இடத்துச் சூடும் குளிரும் நேராகவே குழாயைப் பாதிக்கும். ஐஸ் பட்ட இடத்தில் குழாய் சட்டென்று இறுகிவிடும். நல்ல தோல் இதைத் தாங்கும். ஏற்கெனவே ரத்தம் ஊர்ந்துகொண்டிருக்கும் இடை வளையம் தாங்காது. சிகரெட் புகையும் இதே வேலையைச் செய்வதால், புண்ணோடு வந்து வாசலில் புகைக்கும் ஆண்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பெண்ணின் கைக்கு வருவோம். காய்ந்து ஓடாகிப்போன பற்பசையை ஊறவைத்து எடுத்தபோது, கொப்புளத்தின் மேல்தோலும் அதோடு உரிந்து வந்துவிட்டது. முன்கை இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. விரலால் அழுத்தியதும் வெளுத்து, எடுத்ததும் சிவப்பு திரும்பியது. தொட்டாலே வலித்தது. இவை எல்லாம் நல்ல அறிகுறிகள். மணிக்கட்டில் அழுத்தினாலும் நிறம் மாறாத வெளிறல். வலியும் அதிகம் இல்லை. “இங்கே பரவாயில்லை டாக்டர்” என்று அந்த இடத்தைத்தான் காட்டினார். வலிக்காத தீக்காயம்தான் ஆழமான தீக்காயம். கஞ்சி அங்கேயே அதிகம் தேங்கியிருக்கலாம், ஐஸ் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அது அந்த இடத்துக்கு உதவவில்லை.

காயம் ஆறுவதற்கு ஒரு வரிசை உண்டு. ரத்தம் உறைவது முதல் சில நிமிடங்களில். பிறகு அழற்சி: முதல் இரண்டு நாள் ஒரு வகை வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும், பின்னால் வரும் பெருவிழுங்கிகள் செத்த திசுவை அப்புறப்படுத்தி, புதுத் திசு வளர ஆணையிடும். இந்த நாட்களில் கொஞ்சம் சிவப்பும் வீக்கமும் மஞ்சள் படலமும் இருக்கும். அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோதான் கிருமித் தொற்று. மூன்று நான்கு நாளில் வளர்ச்சிக் கட்டம் தொடங்கும். அவருடைய முன்கையில் மயிர்க்கால்களில் பிழைத்திருந்த செல்கள் பரவி, இரண்டு வாரத்துக்குள் புதுத்தோல் மூடிவிட்டது. மணிக்கட்டில் மயிர்க்கால்களே வெந்துவிட்டதால் மூடுவதற்கு ஆள் இல்லை. மூன்று வாரம் தாண்டி ஆறும் புண் தடித்து இழுத்துக்கொள்ளும் என்பதால், காத்திருக்காமல் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினோம்.

ஆகவே, கொட்டியதும் வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்க வேண்டாம். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். மறு கையால் தொட்டுப் பார்த்து, சுட்டால் குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். குழந்தைக்குக் காயம் பெரிதாக இருந்தால் காயத்தை மட்டும் குளிர்வித்து, மற்ற உடம்பைப் போர்த்துங்கள். நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். பிறகு துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்டாலோ, நோயாளியின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ அன்றைக்கே வந்துவிடுங்கள். தடுப்பூசி நிலுவையில் இருந்தால் டெட்டனஸ் ஊசியும் அப்போதே போட்டுவிடலாம்.

எதையாவது தடவியே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு காலம் வரும். புண் முழுதும் மூடிய பிறகு புதுத்தோல் வறண்டு அரிக்கும், ஏனென்றால் அதன் எண்ணெய்ச் சுரப்பிகளும் சேதப்பட்டிருக்கும். அப்போது தினம் இரண்டு மூன்று முறை தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெயில் படாமல் மூடுங்கள். தழும்பு இளகி அடங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். மணிக்கட்டு மடங்கிக்கொள்ளாமல் இருக்க இரவில் கட்டச் சொல்லிக் கொடுத்த பட்டையை, உறுத்துகிறது என்று பரணில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.