அமுக்கிவிட்ட மரக்கட்டை: ஆட்டத்துக்கு எத்தனை செக்கன்?

உயர்தரத்தில் இணைந்த கணிதமோ பௌதிகவியலோ படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு ஒரு தடவையாவது வரும். நீரில் மிதக்கும் மரக்குற்றி ஒன்று சற்றே கீழே அமுக்கி விடப்படுகிறது. அது எளிமை இசை இயக்கத்தில் ஆடும் எனக் காட்டி, அலைவு காலத்தைக் காண்க. நாலு வரியில் விடை வந்துவிடும். ஆனால் அந்த நாலு வரியை உண்மையான தண்ணீரில் சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் பிடித்து வைக்கும் அந்த நீலப் பெரல் ஒன்று போதும்.

முதலில் கட்டை. இரண்டு அங்குலச் சதுரக் கட்டை, அதாவது 5 சென்ரிமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர், 60 சென்ரிமீற்றர் நீளம். அல்பீசியா மரம் நல்லது, பாரம் குறைவு. காய்ந்த துண்டு 550 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை அப்படியே தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து நிற்காது, சாய்ந்து படுத்துவிடும். பாடப் புத்தகத்துப் படத்தில் மட்டும்தான் நெடுங்கட்டை தானாக நிமிர்ந்து மிதக்கும். நிமிர்த்த வேண்டுமானால் அடியில் பாரம் வேண்டும். கட்டையின் அடியளவுக்கே வெட்டிய, 2.3 சென்ரிமீற்றர் தடிப்பான இரும்புத் துண்டு ஒன்றை அடியில் அறைந்துவிட்டால் அது சுமார் 450 கிராம் வரும். இப்போது மொத்தத் திணிவு ஒரு கிலோ. புவியீர்ப்பு மையம் அடியிலிருந்து 18 சென்ரிமீற்றரளவில் இறங்கிவிடுவதால், ஒதுக்கப்பட்ட நீரின் மையத்துக்குக் கீழேயே அது இருக்கும். கட்டை நிமிர்ந்து நிற்கும்.

எவ்வளவு ஆழம் மூழ்கும்? ஒரு கிலோவைத் தாங்க 1000 கன சென்ரிமீற்றர் தண்ணீரை ஒதுக்க வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பு 25 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 40 சென்ரிமீற்றர் தண்ணீருக்குள், மீதி வெளியே. அசையாமல் நிற்கும்போது நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விரலால் ஒரு சென்ரிமீற்றர் அமுக்குங்கள். புதிதாக மூழ்கியது 25 கன சென்ரிமீற்றர். அந்த 25 கிராம் தண்ணீரின் நிறைக்குச் சமமாக மேலுதைப்பு கூடுகிறது, 0.245 நியூற்றன். கட்டையின் நிறை மாறவில்லை, அதனால் இந்த மிகை முழுவதும் கட்டையை மேலே தள்ளுகிறது. இரண்டு சென்ரிமீற்றர் அமுக்கினால் இரண்டு மடங்கு. விட்டதும் கட்டை எழும்பிக் கோட்டைத் தாண்டிப் போகும், ஏனென்றால் கோட்டை அடையும்போது அதற்கு வேகம் இருக்கிறது. கோட்டுக்கு மேலே போனதும் மூழ்கிய பகுதி குறைகிறது, மேலுதைப்பு நிறையைவிடக் குறைகிறது, இப்போது விசை கீழ்நோக்கி.

எந்தப் பக்கம் போனாலும் விசை கோட்டை நோக்கியே, அதுவும் விலகிய தூரத்துக்கு நேர்விகிதமாக. எளிமை இசை இயக்கத்துக்கு வேண்டிய நிபந்தனை இவ்வளவுதான். நேர்விகிதம் எங்கிருந்து வந்தது என்றால், கட்டையின் பக்கங்கள் செங்குத்தாக இருப்பதிலிருந்து. கூம்பான கட்டையை எடுத்தால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் மூழ்கும் கனவளவு வேறுபடும். அங்கே சிறிய ஆட்டத்துக்குத்தான் இந்தக் கணக்கு சரி வரும்.

குறியீட்டில் எழுதினால், மூழ்கிய ஆழம் d, பரப்பு A, நீரின் அடர்த்தி ρ. திணிவு ρAd, மீள்விசை ρAgx. வகுத்தால் ρ, A இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன:

a = −(g/d) x

T = 2π√(d/g)

d = 0.40 மீற்றர், g = 9.8 என்று போட்டால் 1.27 செக்கன். பத்து ஆட்டத்துக்கு 12.7 செக்கன். d நீளமுள்ள எளிய ஊசலுக்கும் இதே சூத்திரம்தான். 40 சென்ரிமீற்றர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், கட்டையும் கல்லும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஆடும். கைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தை விட இது பார்க்க நன்றாக இருக்கும்.

அளக்கும்போது ஒரு ஆட்டத்தை அளக்க வேண்டாம், பத்தாக எண்ணுங்கள். பட்டனை அமுக்குவதில் வரும் பிழை பத்தால் வகுபட்டுவிடும். நேராக அமுக்கி, கையைச் சட்டென்று எடுக்க வேண்டும். கோணலாக அமுக்கினால் கட்டை தலையாட்டத் தொடங்கி எண்ணிக்கை குழம்பும். இரண்டு சென்ரிமீற்றர் அமுக்கி ஒரு தடவை, நாலு சென்ரிமீற்றர் அமுக்கி ஒரு தடவை செய்து பாருங்கள். வீச்சம் இரட்டித்தும் நேரம் மாறாவிட்டால், நடப்பது எளிமை இசை இயக்கம்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சுழிப்பும் சிற்றலையும் சக்தியை எடுத்துக்கொள்வதால் வீச்சம் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்துகொண்டே வரும், ஆனால் இந்த அளவு தணிப்பு அலைவு காலத்தை அநேகமாகத் தொடாது.

கவனமாக அளந்தால் 12.7க்குப் பதில் கொஞ்சம் கூடவே வரும், ஓரிரு சதவீதம். காரணம், கட்டை தனியாக ஆடுவதில்லை. அடிமுகத்தை ஒட்டிய தண்ணீரையும் அது முன்னும் பின்னும் தள்ள வேண்டும், அந்தத் தண்ணீருக்கும் திணிவு உண்டு. ஒல்லியான கட்டையில் இது அடியில் ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக மூழ்கியதற்குச் சமம் என்று தோராயமாகச் சொல்லலாம். 40 என்பது 41 ஆகிறது, அவ்வளவுதான்.

தட்டையான பலகையில் கதை வேறு. 20 சென்ரிமீற்றர் சதுரம், 10 சென்ரிமீற்றர் உயரம், நீரின் அடர்த்தியில் 0.6 பங்குள்ள யூக்கலிப்டஸ் பலகை என்று எடுங்கள். மூழ்குவது 6 சென்ரிமீற்றர், சூத்திரப்படி 0.49 செக்கன். ஆனால் அகன்ற அடிமுகம் இழுத்துச் செல்லும் தண்ணீர், ஏறக்குறைய இன்னும் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சமம். உண்மையான காலம் 0.65 செக்கனுக்குப் பக்கத்தில் வரும், அதுவும் நாலைந்து ஆட்டத்திலேயே அடங்கிவிடும். சூத்திரம் ‘பரப்பைப் பற்றிக் கவலைப்படாதே’ என்கிறது, தண்ணீர் அதை ஒத்துக்கொள்வதில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் கைக்குக் கிடைத்த மரத்துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, விடை பொருந்தவில்லை என்று பிள்ளைகள் தலையைச் சொறிவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. நம்முடைய கட்டை வெளியே 22 சென்ரிமீற்றர் நிற்கிறது. தலை மூழ்கும்வரை அமுக்கினால், அதற்குப் பிறகு எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோனாலும் மேலுதைப்பு கூடாது. நேர்விகிதம் அங்கேயே முறிந்துவிடும். கட்டை தண்ணீரில் நெடுநேரம் ஊறினாலும் பிரச்சினைதான்: திணிவு கூடும், பென்சில் கோடு நீருக்குள் போகும். அப்போது புதுக் கோட்டிலிருந்து d ஐ அளந்தால் சூத்திரம் மறுபடி சரியாக வரும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறதே, அங்கே g குறைவுதானே என்று கேட்பவர்களும் உண்டு. குறைவுதான், ஆனால் உயரத்தால் வரும் வித்தியாசம் பத்து ஆட்டத்தில் சில மில்லி செக்கன் மட்டுமே, கையால் பிடிக்க முடியாது. அதே கட்டையைத் திருகோணமலைக் கடலில் விட்டால் வித்தியாசம் தெரியும். உப்புநீரின் அடர்த்தி சுமார் 2.5 சதவீதம் கூட, கட்டை 39 சென்ரிமீற்றர்தான் மூழ்கும், பத்து ஆட்டம் 12.5 செக்கனில் முடிந்துவிடும். கடலில் அலை இல்லாத ஒரு மூலையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், பேசாமல் பெரல் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிடலாம்.