மூன்று இலக்கு, முப்பது லோடு

மணலியில் ஒரு கிடங்கு. தினமும் 30 லோடு சரக்கு ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் கடைகளுக்குப் போக வேண்டும். சிறிய வேன் ஒரு லோடுடன் நேராகக் கடைக்குப் போய்விடும். பெரிய லாரி பல லோடுகளை ஏற்றி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போகும். டீசல் நீங்கலாக, வேனில் லோடுக்கு 1500 ரூபாய், 3 மணி நேரம், 10 லிட்டர் டீசல் என்றும், லாரியில் 1000 ரூபாய், 5 மணி நேரம், 6 லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம்.

மேலாளரின் அன்றாட இலக்குகள்: செலவு 36,000 ரூபாய், எல்லா லோடுகளின் நேரமும் சேர்ந்து 120 மணி, டீசல் 220 லிட்டர். எதுவும் இவற்றைத் தாண்டக் கூடாது.

கணக்குப் போட்டால் மூன்றும் ஒத்துப்போவதில்லை. டீசல் இலக்குக்கு வேனில் 10 லோடுக்கு மேல் கூடாது. செலவு இலக்குக்கு 12-க்கு மேல் கூடாது. நேர இலக்குக்கோ குறைந்தது 15 தேவை. நிபந்தனைகளை மீறாமல் சிறந்த விடையைத் தேடும் சாதாரண நேரியல் நிரலாக்கத்தில் இவற்றைக் கட்டாய நிபந்தனைகளாக எழுதினால், ‘தீர்வு இல்லை’ என்ற விடைதான் வரும். ஆனால் சரக்கு போயாக வேண்டுமே! 1955-இல் சார்ன்ஸ், கூப்பர், பெர்குசன் ஆகியோரின் கட்டுரையில் முளைவிட்ட இலக்கு நிரலாக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. இலக்கை எட்ட முடியாவிட்டால், எவ்வளவு விலகுகிறோம் என்பதையே அது ஒரு மாறியாக்கிவிடுகிறது. வேன் லோடு x, லாரி லோடு y என்றால்:

```
x + y = 30
1500x + 1000y + n1 - p1 = 36000
3x + 5y + n2 - p2 = 120
10x + 6y + n3 - p3 = 220
```

n என்பது இலக்குக்குக் கீழே நின்ற அளவு, p தாண்டிய அளவு. நாம் குறைக்க வேண்டியது p-க்களை மட்டுமே. n-ஐயும் சேர்த்துக் குறைத்தால், மிச்சம் பிடித்ததற்கே தண்டனை விதிப்பதாகிவிடும். விடையில் ஒரே இலக்கின் n, p இரண்டும் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், மாதிரியை எழுதியதில் பிழை இருக்கிறது.

பலரும் சறுக்கும் இடம் கூட்டல். ரூபாயையும் மணியையும் லிட்டரையும் அப்படியே கூட்டினால் ரூபாய் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். நேரத்துக்கு 250 மடங்கு எடை, அதாவது முக்கியத்துவம், கொடுத்தால்கூட விடை 12 வேன் லோடைத் தாண்டாது. அதனால் ஒவ்வொரு விலகலையும் அதன் இலக்கின் சதவீதமாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

அப்படி மாற்றி, மூன்றுக்கும் சம எடை தந்தால் விடை 10 வேன், 20 லாரி லோடு: செலவில் 1000 ரூபாய் மிச்சம், டீசல் சரியாக 220 லிட்டர், நேரம் மட்டும் 10 மணி கூடுதல். நேரத்தின் எடையை ஒன்றரை மடங்காக்கினால் வேன் லோடு 12. இரண்டு மடங்காக்கினால் 15. இடையில் உள்ள எண்களில் நிற்காமல், ஓர் இலக்கின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்கு விடை தாவுகிறது. எடையைச் சற்றே மாற்றி மறுபடி கணக்கிடாமல், கிடைத்த முதல் விடையை நம்பி வண்டிகளை அமர்த்துவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த 3 மணியும் 5 மணியும் சராசரிகள்தாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நாளில் லாரியின் 5 மணி 7 ஆகலாம். அன்றைய சமன்பாட்டில் 5y இருந்த இடத்தில் 7y எழுதித்தான் தீர்க்க வேண்டும். அப்போது நேர இலக்குக்கே 23 வேன் லோடுகள் வேண்டியிருக்கும்.