எட்டு போட்டால் ஏன் மறுநாளே ஃபோன் வருகிறது?

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பைக்கை சர்வீஸுக்கு விட்டு எடுத்திருக்கிறார். சாவியைக் கொடுக்கும்போது அங்கிருந்த பையன் குரலைத் தாழ்த்திச் சொன்னானாம்: "சார், கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வரும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார். எட்டு போட்டா எங்களுக்கு உதவாது." வேலை மொத்தத்தில் திருப்திதான், ஒரே ஒரு குறை. அதனால் மனசாட்சிப்படி எட்டு போட்டார். மறுநாளே ஃபோன். "என்ன சார், எட்டு போட்டுட்டீங்க?" பத்துக்கு எட்டு என்பது நல்ல மார்க் இல்லையா என்று கேட்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க்தான். ஆனால் அந்த மெசேஜின் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணக்கில் எட்டுக்கு மதிப்பு பூஜ்யம். பையன் பொய் சொல்லவில்லை.

"எங்களை உங்கள் நண்பருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை சொல்லுங்கள்" என்ற அந்த ஒற்றைக் கேள்விக்கு நெட் புரமோட்டர் ஸ்கோர் என்று பெயர். சுருக்கமாக என்.பி.எஸ். பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை இதை உலகெங்கும் கொண்டுபோனது. பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும் படிவங்களை யாரும் நிரப்புவதில்லை, நிரப்பினாலும் யாரும் படிப்பதில்லை என்பது அவருடைய புகார். அதில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் என்டர்பிரைஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் இரண்டே கேள்வி கேட்டு, உச்ச மதிப்பு கொடுத்தவர்களை மட்டும் எண்ணிக் கிளைகளை வரிசைப்படுத்தியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது.

கணக்கு எளிது. 9, 10 போட்டவர்கள் 'பரிந்துரைப்பவர்கள்'. 7, 8 போட்டவர்கள் நடுவில் நிற்பவர்கள். 0 முதல் 6 வரை போட்ட எல்லாரும் 'குறை சொல்பவர்கள்'. முதல் கூட்டத்தின் சதவீதத்திலிருந்து கடைசிக் கூட்டத்தின் சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர் கிடைக்கும். நடுவில் நிற்பவர்கள் கூட்டலிலும் வரமாட்டார்கள், கழித்தலிலும் வரமாட்டார்கள். நம் வாசகரின் எட்டு அங்கேதான் போய் விழுந்தது.

ஆறு போட்டிருந்தால் இன்னும் விபரீதம். 35 வாங்கினால் பாஸ், 60 வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்த நமக்கு, பத்துக்கு ஆறு என்பது 'பரவாயில்லை, ஓடும்' என்று சொல்வது. என்.பி.எஸ். கணக்கிலோ ஆறு போட்டவரும், வண்டியையே எரித்துவிட்டார்கள் என்று கொதித்துப்போய் பூஜ்யம் போட்டவரும் ஒரே பெஞ்ச். பூஜ்யம் போட்ட எல்லாரையும் ஒரு வருடம் பாடுபட்டு ஆறுக்கு ஏற்றினாலும் ஸ்கோர் அசையாது. ஆறு போட்டவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஏழு போடவைத்தால் ஜிவ்வென்று ஏறும். எந்த வேலையில் மேனேஜர் கவனம் வைப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த ஸ்கோர் மாதாமாதம் ஏன் ஏறி இறங்குகிறது?

ஒரு சர்வீஸ் சென்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த மாதம் 100 பேர் பதில் போட்டார்கள். 50 பேர் பரிந்துரைப்பவர்கள், 30 பேர் நடுவில், 20 பேர் குறை சொல்பவர்கள். ஸ்கோர் 50 கழித்தல் 20, அதாவது 30. அடுத்த மாதம் 46, 30, 24. ஸ்கோர் 22. எட்டுப் புள்ளி சரிவு! மீட்டிங் போடுவார்கள். மழையைக் காரணம் சொல்வார்கள், புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்கைக் காரணம் சொல்வார்கள். உண்மையில் என்ன மாறியது? 100 பேரில் நாலே நாலு பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார்கள். ஒருவர் மேலிருந்து கீழே போனால் ஒரு புள்ளி அல்ல, இரண்டு புள்ளி குறைகிறது. கூட்டலில் ஒன்று போகிறது, கழித்தலில் ஒன்று ஏறுகிறது.

அந்த நாலு பேர் தற்செயலா, நிஜ மாற்றமா? பழைய குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்தில் ஓலைகள். பாதியில் +1, பத்தில் மூன்றில் 0, பத்தில் இரண்டில் −1 என்று எழுதியிருக்கிறது. குடம்தான் சர்வீஸ் சென்டரின் உண்மையான தரம். அது மாறுவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 ஓலை எடுக்கிறோம், ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுகிறோம். சராசரி 0.3 வரவேண்டும், அதுதான் ஸ்கோர் 30. ஆனால் ஒவ்வொரு மாதமும் சரியாக 30 வராது. எவ்வளவு தள்ளாடும்?

பிளஸ் டூ கணக்குதான். ஒவ்வொரு ஓலையும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, வர்க்கம் எடுத்து, அதன் பங்கால் பெருக்கிக் கூட்டவேண்டும். +1 ஓலை 0.7 தூரத்தில் இருக்கிறது, வர்க்கம் 0.49, அதில் பாதி 0.245. பூஜ்ய ஓலை 0.3 தூரம், அதன் பங்களிப்பு 0.027 மட்டும். −1 ஓலை 1.3 தூரத்தில் நிற்கிறது, வர்க்கம் 1.69, அதில் ஐந்தில் ஒரு பங்கு 0.338. மூன்றையும் கூட்டினால் 0.61. வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.78. இருபது பேர்தான் என்றாலும் அந்த −1 ஓலைகள்தான் தள்ளாட்டத்தில் பாதிக்கு மேல் கொண்டுவருகின்றன, கவனித்தீர்களா? பக்கத்து வீட்டுக்காரரைவிட எதிர்த் தெருக்காரர் தூரத்தில் இருப்பதுபோல, நடுவை வெறுமையாக்கிவிட்டு இரு ஓரங்களில் ஆட்களைக் குவித்தால் இப்படித்தான் ஆகும்.

100 ஓலைக்கு அந்த 0.78-ஐ 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுக்கவேண்டும். ஸ்கோர் மொழியில் 7.8 புள்ளி. இருபதில் பத்தொன்பது மாதங்கள் அதன் இரு மடங்குக்குள் விழும். ஆக, தரம் துளிகூட மாறாத ஒரு சர்வீஸ் சென்டரின் ஸ்கோர் சுமார் 15-இலிருந்து 45 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இரண்டு மாதங்களை ஒப்பிடும்போது இரண்டுமே தள்ளாடுவதால், வித்தியாசத்தின் தள்ளாட்டம் 11 புள்ளி. எட்டுப் புள்ளிச் சரிவு அதற்குள் அடக்கம். புது மெக்கானிக் நிரபராதி. குறைந்தபட்சம், இந்த எண் அவர்மேல் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்கவில்லை.

30 பேர் மட்டுமே பதில் போடும் சின்னக் கிளை என்றால், இருபதில் பத்தொன்பது மாதங்களுக்கான அந்த இரு மடங்குத் தள்ளாட்டம் இருபக்கமும் சுமார் 28 புள்ளி. மூன்று புள்ளித் துல்லியம் வேண்டுமானால் 2,600 பேருக்கு மேல் பதில் போடவேண்டும். இதை வைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை, மாதத்துக்கு மாதம் ஊக்கத்தொகை தீர்மானிப்பதைப் பார்த்தால் எனக்கு ஜோசியம்தான் நினைவுக்கு வருகிறது. நடந்து முடிந்தபின் எந்தக் கிரகத்தையாவது கைகாட்டுவது எப்போதுமே சுலபம். படித்தவர்கள் கோட் போட்டுக்கொண்டு செய்தால் அதற்கு 'ரிவ்யூ மீட்டிங்' என்று பெயர்.

இன்னொன்று. மேலே போட்ட கணக்கு, குடத்துக்குள் கண்ணை மூடிக் கைவிடுவதாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் 1,000 வாடிக்கையாளரில் பதில் போடும் 100 பேர் தற்செயலானவர்கள் அல்ல. மிகவும் மகிழ்ந்தவர்களும் கடுப்பானவர்களும் போடுகிறார்கள். சும்மா வேறு கடைக்கு மாறிப் போனவர் போடுவதில்லை. சாவி கொடுக்கும்போது பத்து போடச் சொல்லிக் கெஞ்சப்பட்டவர்கள் வேறு இருக்கிறார்கள். இந்தப் பிழை, பதில் போடுவோர் எண்ணிக்கையைக் கூட்டினால் குறையாது.

அப்படியானால் அந்த எண் எதையுமே சொல்லவில்லையா? சொல்கிறது. பதில்கள் ஆயிரக்கணக்கில் வரும் நிறுவனத்தில், ஒவ்வொரு தடவையும் ஒரே விதத்தில், ஒரே கட்டத்தில் கேட்கப்பட்ட ஸ்கோர் ஒரு வருடத்தில் 20 புள்ளி விழுந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்பது நிச்சயம். எது உடைந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு 'ஏன் இந்த மதிப்பு?' என்று கீழே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். என் கணிப்பில் மொத்தப் படிவத்திலும் உருப்படியான இடம் அந்தப் பெட்டிதான். எண்ணைக் கூட்டிக் கழிக்க இயந்திரம் போதும். பெட்டியைப் படிக்க ஆள் வேண்டும், அதற்குத்தான் செலவு செய்யமாட்டார்கள்.

'வளர்ச்சிக்குத் தேவையான ஒரே எண்' என்று அந்த 2003 கட்டுரையின் தலைப்பே கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று? ரைக்ஹெல்டின் கட்டுரை 2001, 2002-இல் எடுத்த ஸ்கோர்களை 1999 முதல் 2002 வரையான வளர்ச்சியோடு பொருத்திப் பார்த்தது. அதாவது பெரும்பாலும் ஏற்கெனவே நடந்துவிட்ட வளர்ச்சியோடு. நன்றாக வளர்ந்த கம்பெனியை மக்கள் புகழ்கிறார்களா, புகழ்வதால் வளர்கிறதா என்பதை இதிலிருந்து பிரிக்கமுடியாது. 2007-இல் திமோதி கீனிங்ஹாமும் அவர் குழுவும் நார்வேயில் வருடக்கணக்காகத் திரட்டப்பட்டிருந்த வாடிக்கையாளர் திருப்தித் தரவை எடுத்துச் சோதித்து, ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் வெளியிட்டார்கள். வளர்ச்சியைக் கணிப்பதில் இந்தக் கேள்வி பழைய திருப்தி அளவுகோலைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சுவாரசியமில்லாத, தலைப்புச் செய்தியாகாத இந்த மாதிரி மறுசோதனைகளுக்குப் பணம் ஒதுக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. புதுச் சூத்திரம் விற்பவருக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ரைக்ஹெல்ட் முதல் கட்டுரையிலேயே ஒரு எல்லையை ஒப்புக்கொண்டிருந்தார். உள்ளூர்த் தொலைபேசி, கேபிள் டிவி போல மாற்று வழியில்லாத தொழில்களில் இந்தக் கேள்வி வேலை செய்யவில்லை. ஒரே ஒரு கேபிள் இணைப்பு வரும் தெருவில் யாருக்கு எதைப் பரிந்துரைப்பது? பின்னாளில், மதிப்பெண்ணுக்காக ஊழியர்கள் கெஞ்சுவதையும் ஸ்கோர் சமைக்கப்படுவதையும் அவரே நொந்துகொண்டார். 2021-இல் இதற்குத் துணையாக இன்னொரு அளவுகோலையும் முன்வைத்தார். பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வந்ததாலும், அவர்கள் சொல்லி வந்த புதியவர்களாலும் கிடைத்த வருமானம் எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுப்பது. 'பரிந்துரைப்பேன்' என்ற வாய்ச்சொல்லுக்குப் பதில், பரிந்துரைத்தாரா என்று பார்ப்பது.

நம் வாசகரின் கடிதத்தில் கடைசிப் பாராவை நான் முதலில் சரியாகக் கவனிக்கவில்லை. எட்டு போட்டதோடு, கீழே இருந்த பெட்டியில் 'முன் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது' என்றும் எழுதியிருந்தாராம். மறுநாள் ஃபோன் செய்தவர் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறார். அடுத்த முறை ஒன்பதையாவது போடும்படி இரண்டு தடவை கேட்டுக்கொண்டாராம். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.