மாற்றிக் கொடுத்த சரக்குக்கும் பில் போடுங்கள்

"பணமே வாங்கலையே, எதுக்கு பில்?" ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் காதில் விழும் பதில் இது. ஸ்டாக் பதிவில் 50 மோட்டார், எண்ணிப் பார்த்தால் 44. அந்த ஆறு எங்கே என்று கேட்டால், பழுதான மோட்டாருக்குப் பதிலாக யாருக்கோ இலவசமாக மாற்றிக் கொடுத்ததாக நினைவு என்கிறார்கள். காகிதம் எதுவும் இருக்காது. கடைசியில் அது 'ஸ்டாக் குறைவு' என்று எழுதப்படும், திருட்டுப் போனதும் அதே தலைப்பில்தான் வரும்.

பணம் வாங்குவதற்கு மட்டும்தான் பில் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எந்தச் சரக்கு, எத்தனை, யாருக்கு, எதற்காக வெளியே போனது என்பதற்கும் பில்தான் ஆதாரம். மதிப்பு 0 என்றால் வாடிக்கையாளர் பாக்கி ஏறாது, அவ்வளவுதான். உங்களுக்கு ஆன அடக்கம் 0 ஆகிவிடாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அடக்கம் 250, விலை 400 என்று 100 மோட்டார் விற்றாயிற்று. ஆறு பழுதாகித் திரும்பின, புதிதாக ஆறு கொடுக்கிறீர்கள். பில்லில் அளவு 6, விலை 0 என்று போட்டு, 'இலவச மாற்று' என்ற குறிப்பும் பழைய பில்லின் எண்ணும் தேதியும் எழுதுங்கள். பழைய, புதிய வரிசை எண்களை மறக்கவே வேண்டாம். புதிய எண் எங்கும் பதிவாகவில்லை என்றால், அந்த மோட்டார் மறுபடி பழுதாகி வரும்போது 'இது நாங்கள் விற்றதே இல்லை' என்று உங்கள் ஆளே திருப்பி அனுப்பிவிடுவார். மென்பொருள் 0 விலையை ஏற்காவிட்டால் அமைப்பில் அதை அனுமதியுங்கள். 1 என்று போட்டுச் சமாளிக்காதீர்கள், அது இல்லாத விற்பனை.

அடுத்து, ஸ்டாக்கைத் தொடர்ந்து மதிப்பிட்டு வைப்பவர்கள் மாற்றுச் சரக்குச் செலவு பற்று 1,500, ஸ்டாக் வரவு 1,500 என்று எழுதலாம். ஆண்டு முடிவில் மட்டும் இருப்பு எடுப்பவர்கள் ஸ்டாக்குக்குப் பதில் கொள்முதலை வரவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 1,500 மொத்த லாபத்துக்குள் ஓசையில்லாமல் கரைந்துவிடும். 15,000 லாபத்தில் பத்தில் ஒரு பங்கைப் பழுது தின்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது. உத்தரவாதச் செலவுக்கென்று முன்பே ஒதுக்கீடு வைத்திருந்தால், செலவுக்குப் பதில் அந்த ஒதுக்கீட்டில் பற்று வையுங்கள்.

திரும்பி வந்த ஆறையும் நல்ல ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள், தனி இடம், தனிப் பதிவு. சப்ளையர் அவற்றுக்கு 1,500 கிரெடிட் நோட் கொடுத்தால் அவரைப் பற்று வைத்து, மாற்றுச் சரக்குச் செலவை வரவு வையுங்கள்.

இலவச மாதிரிக்கும் இதே முறைதான், செலவு மட்டும் விற்பனை ஊக்குவிப்பில் போகும்.

வரியில் கவனம் தேவை. பில் 0 என்பதால் வரியும் 0 என்று நினைத்துவிடாதீர்கள். மாதிரிக்கும் மாற்றுச் சரக்குக்கும் சட்டம் வேறு வேறாக இருக்கலாம், கொள்முதலில் எடுத்த வரிச் சலுகையைத் திருப்ப வேண்டியும் வரலாம். உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் 0 மட்டும் போட்டு அனுப்பினால் சுங்கத்தில் நிற்கும். பொருளின் உண்மை மதிப்பை எழுதி, 'விற்பனைக்கு அல்ல, மதிப்பு சுங்கத்துக்காக மட்டும்' என்று குறிப்பிடுங்கள்.