பெயர் இரண்டு, அரே ஒன்று

பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், கட்டங்களில் உயிர் பிறந்து சாகும் விளையாட்டான கான்வேயின் ‘கேம் ஆஃப் லைஃப்’ நிரலை எழுதிக் கொண்டுவந்தான். "ரெண்டு அரே வச்சுத்தான் சார் எழுதினேன். 2×2 சதுரத்தைப் போட்டுப் பார்த்தேன், அசையாம அப்படியே நிக்குது" என்றான். அந்தச் சதுரம் அசையாமல் நிற்பதுதான் சரி. ஆனால் அவன் நிரல் தவறு.

ஜான் கான்வே வகுத்து, 1970-இல் பரவலாகத் தெரியவந்த விதி இது: உயிருள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். காலிக் கட்டத்துக்குச் சரியாக மூன்று உயிருள்ள அண்டை இருந்தால் உயிர் பிறக்கும். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அதனால்தான் பழைய தலைமுறையை ஓர் அரேயில் படித்து, புதியதை இன்னொன்றில் எழுதுகிறோம்.

அவன் எழுதியிருந்தது `nxt = cur`. பைத்தானில் இது நகல் எடுப்பதில்லை, அதே அரேக்கு இன்னொரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான்.

5×5 பலகையில், மூன்றாம் வரிசையின் 2, 3, 4-ஆம் கட்டங்களில் உயிர் வைத்துப் பார்த்தோம். இதற்குப் பிளிங்கர் என்று பெயர். படுத்திருக்கும் கோடு அடுத்த தலைமுறையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். வந்தது இது:

```
.....
..##.
.#.#.
.....
.....
```

இரண்டாம் வரிசையின் 3-ஆம் கட்டத்தில் உயிர் பிறந்தது சரி. அடுத்து 4-ஆம் கட்டத்துக்கு வரும்போது, இப்போதுதான் பிறந்த அந்தப் பக்கத்துக் கட்டத்தையும் நிரல் எண்ணிவிட்டது. இரண்டாக இருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றாகி, அங்கேயும் ஒன்று பிறந்தது. சதுரத்தில் பிறப்பும் இல்லை, சாவும் இல்லை. அதனால் இந்தப் பிழை அங்கே வெளியே வரவே வராது.

இரண்டாவது அரேயை உண்மையாகவே தனியாக உருவாக்கினான். பிளிங்கர் ஒழுங்காகப் புரண்டது. "இப்ப சரிதானே சார்?" என்றான். அவசரப்பட வேண்டாம் என்று கிளைடரைப் போடச் சொன்னேன். அது ஐந்து கட்ட உருவம். நான்கு தலைமுறைக்கு ஒருமுறை மூலைவாட்டில் ஒரு கட்டம் நகரும், எப்போது எண்ணினாலும் ஐந்துதான் இருக்கும். இரண்டாம் தலைமுறையிலேயே எண்ணிக்கை ஐந்தைத் தாண்டிவிட்டது.

அரேயைத் தனியாக்கி மாற்றி எழுதியபோது, அவன் உயிருள்ள கட்டங்களுக்கு மட்டும் 1 எழுதினான், செத்த இடத்தில் 0 எழுதுவதை விட்டுவிட்டான். இரண்டு அரேயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், எழுதப்போகும் அரேயில் இரண்டு தலைமுறைக்கு முந்தைய படம் கிடக்கும். பிளிங்கர் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அதே படத்துக்குத் திரும்புவது. கிடந்த மிச்சமும் வரவேண்டிய படமும் ஒன்றாகவே இருந்துவிட்டன.

n என்பது உயிருள்ள அண்டைகளின் எண்ணிக்கை என்றால், உள் சுற்றில் எழுத வேண்டியது இதுதான்:

```python
nxt[r][c] = 1 if n == 3 or (n == 2 and cur[r][c]) else 0
```

அந்த `else 0` எப்போதும் இருக்க வேண்டும். எல்லாக் கட்டங்களும் முடிந்த பிறகே, சுற்றுக்கு வெளியே, `cur, nxt = nxt, cur`. அப்புறம் கிளைடரை நான்கு தலைமுறை ஓட்டினோம். ஒரு கட்டம் தள்ளி, அதே ஐந்து புள்ளிகள்.