சதுரத்தில் சேர்ந்திருந்து செவ்வகத்தில் பிரியும் ஆற்றல் மட்டங்கள்

தட்டையான பெட்டி ஒன்றுக்குள் ஓர் எலெக்ட்ரான் அடைபட்டிருக்கிறது. உள்ளே அதன் மீது எந்த விசையும் இல்லை, சுவரைத் தாண்டி வெளியே போகவும் வழியில்லை. எலெக்ட்ரானை விவரிக்கும் அலையான அதன் அலைச்சார்பு சுவரில் சுழியாகியே தீர வேண்டும். அதனால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அரை அலைகள் முழு எண்ணிக்கையில்தான் பொருந்தும். அந்த எண்ணிக்கைகள்தான் nx, ny என்ற குவாண்டம் எண்கள். இரண்டு திசைகளும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பதால் அவற்றின் ஆற்றல்களை அப்படியே கூட்டிவிடலாம்:

E = (h²/8m)(nx²/a² + ny²/b²)

இதில் h பிளாங்க் மாறிலி, m எலெக்ட்ரானின் நிறை. a, b பெட்டியின் பக்கங்கள்.

முதலில் இரு பக்கமும் 1 நானோமீட்டர் உள்ள சதுரம். இங்கே h²/8ma² என்பது சுமார் 0.376 எலெக்ட்ரான் வோல்ட். மிகத் தாழ்ந்த நிலை, nx, ny இரண்டுமே 1 ஆக இருக்கும் (1,1); அதன் ஆற்றல் இதில் இரண்டு மடங்கு, அதாவது 0.75. அடுத்து (2,1), (1,2) என இரண்டு நிலைகள் வருகின்றன. 4+1, 1+4 இரண்டுமே ஐந்துதான், ஆற்றல் 1.88. இப்படி வெவ்வேறு அலைகள் ஒரே ஆற்றலைப் பெறுவதைத்தான் டிஜெனரசி என்கிறோம். இவை சம ஆற்றல் நிலைகள். காரணம் சதுரத்தின் சமச்சீர். (2,1) அலையைக் கால் சுற்று திருப்பினால் (1,2) கிடைக்கும், பெட்டியோ மாறாமல் அப்படியே இருக்கும். அப்புறம் எப்படி ஆற்றல் மட்டும் மாறும்?

சரி, இப்போது a பக்கத்தை மட்டும் 1.1 நானோமீட்டராக நீட்டுவோம். (2,1) நிலையின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த நீண்ட திசையில் இருப்பதால் அது அதிகமாக இறங்கி 1.62 ஆகிறது. (1,2) கொஞ்சமாக இறங்கி 1.81-இல் நிற்கிறது. ஒன்றாக இருந்த மட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

இந்தப் பிளவு அலையின் நடத்தையிலும் தெரியும். சதுரத்தில் அந்த இரண்டு அலைகளையும் சம அளவில் கூட்டினால், மூலைவிட்டத்தின் மீது சுழியாகும் ஒரு புதிய அலை கிடைக்கும். அதில் எலெக்ட்ரான் ஓர் இடத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு காலத்தோடு மாறுவதே இல்லை. செவ்வகத்தில் அதே கலவையை உருவாக்கினால் நிற்காது. சுமார் 21 ஃபெம்டோ விநாடிக்கு ஒரு முறை என்று அது அலைபாயும்.

செவ்வகத்தில் டிஜெனரசியே கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீளம் அகலத்தைப் போல இரு மடங்காக இருந்தால் (4,1), (2,2) இரண்டுக்கும் ஒரே ஆற்றல்தான். இரண்டு அலைகளும் பெட்டியின் நடுக்கோட்டில் சுழியாகின்றன. அந்தக் கோட்டில் பெட்டியை வெட்டினால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் நாம் முன்பு பார்த்த (2,1), (1,2) ஜோடியே இருக்கும்! நமது 1.1 பெட்டியிலும் மிக உயர்ந்த மட்டங்களில் சில ஜோடிகள் சேரத்தான் செய்யும். a²/b² விகிதமுறா எண்ணாக இருந்தால் மட்டுமே எந்த இரண்டு நிலைகளும் ஒரே ஆற்றலில் சந்திக்காது.