மகன் நிறுத்திய சந்தா, அப்பாவின் மெயில்: மேகச் சேமிப்பை ரத்து செய்தால் எது போகும், எது நிற்கும்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் போனோடு வந்தார். "தம்பி, காப்பீட்டுக் கம்பெனியில ரெண்டு தடவை மெயில் அனுப்பிட்டோம்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே வரலை. போன்ல ஏதோ கோளாறு, பாருங்க" என்றார்.

போனில் கோளாறு இல்லை. ஜிமெயிலைத் திறந்ததும் மேலே சிவப்புப் பட்டை: சேமிப்பிடம் நிறைந்துவிட்டது. கடைசி மெயில் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன் கூகுள் ஒன் சந்தாவைக் குடும்பத்துக்காக எடுத்திருந்தார். 100 ஜிபி திட்டம், மாதம் 130 ரூபாய். அதில் அப்பாவையும் சேர்த்திருந்தார். அப்புறம் ஐபோனுக்கு மாறினார், படங்களை ஐகிளவுடுக்குக் கொண்டுபோனார், கூகுள் சந்தாவை ரத்து செய்தார். தன் படங்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் ரத்து செய்திருக்கிறார். அப்பாவின் கணக்கும் அதே இடத்தில் சாய்ந்து நின்றது அவருக்கு நினைவில்லை. குடும்பத் திட்டத்தில் பணம் கட்டுபவர் நிறுத்தினால், சேர்ந்திருக்கும் எல்லோரும் அவரவருடைய இலவச 15 ஜிபிக்குத் திரும்புவார்கள். விதியே அப்படித்தான். ரத்து செய்பவரின் திரையில் இது ஒரு வரியாக வந்திருக்கும்; நாம் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்?

one.google.com/storage பக்கத்தைத் திறந்து பார்த்தோம். போட்டோஸ் 51 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப் 11, ஜிமெயில் 4, டிரைவ் 2. மொத்தம் 68. இருக்கும் இடம் 15. ஆக 53 ஜிபி அதிகம்.

சந்தா முடிந்த மறுநாளே படங்கள் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. பணம் கட்டிய காலம் முடியும்வரை திட்டம் ஓடும். அதற்குப் பிறகும் பழைய படங்கள் அங்கேயே இருக்கும், பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நின்றுபோவது புதிதாக உள்ளே வருவதுதான். புதிய படம் மேலே ஏறாது. வாட்ஸ்அப் பேக்கப் நின்றுவிடும், ஏனென்றால் ஆண்ட்ராய்டில் அதுவும் இப்போது இதே 15 ஜிபியில்தான் கணக்காகிறது. மெயில் அனுப்பவும் முடியாது, வரவும் செய்யாது.

என் அனுபவத்தில் முதலில் அடி விழுவது மெயிலில்தான். நம் பெட்டி நிறைந்திருந்தால் அனுப்பியவருக்கே மெயில் திரும்பிப் போகும். அனுப்பியவர் மனிதராக இருந்தால் போன் செய்து கேட்பார். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இயந்திரத்தில் அனுப்புகின்றன. திரும்பி வந்ததை அங்கே யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. திரும்பிப் போன மெயில், பின்னால் இடம் கிடைத்தாலும் தானாக வராது. மறுபடி அனுப்பச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அழிப்பு என்று பார்த்தால் அதற்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, கணக்கு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அளவுக்கு மேலேயே இருந்தால், உள்ளே இருப்பவை நீக்கப்படலாம். அதற்கு முன் அறிவிப்பு வரும். "நான்தான் தினமும் பயன்படுத்துகிறேனே" என்பது இங்கே செல்லாது. இரண்டு வருடம் தொடாத கணக்கை மூடுவது வேறொரு விதி, இது வேறு. தினமும் திறந்து பார்த்தாலும் அளவு மீறி இருந்தால் இந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். 15 ஜிபிக்குள் வந்தால், அல்லது மறுபடி சந்தா கட்டினால் நிற்கும்.

சார் வருவதற்கு முன் ஒரு காரியம் செய்திருந்தார். இடம் இல்லை என்று தெரிந்ததும், "பழசுதானே" என்று 2018, 2019ஆம் வருடப் படங்களில் சில நூற்றை அழித்திருக்கிறார். நிறைந்திருந்த அளவு கொஞ்சமும் குறையவில்லை. குறையவும் செய்யாது. 2021 ஜூன் 1க்கு முன்னால் 'உயர் தரம்' என்ற அமைப்பில் ஏறிய படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்வதே இல்லை. அவர் அழித்தது எல்லாம் அந்த வகை. இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை அதற்குப் பிறகு எடுத்த வீடியோக்கள். பேரனின் முதல் பிறந்தநாள் அழித்த படங்களுக்குள் இருந்தது. பேக்கப் ஆன படங்கள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால் மீட்க முடிந்தது. மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் நான் கைவிரித்திருப்பேன்.

போனிலாவது அந்தப் படங்கள் இருந்ததா என்றால், இல்லை. எப்போதோ Free up space பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது மேகத்தில் ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுத்துவிடும். அதற்குப் பிறகும் ஆப்பில் எல்லாம் தெரிவதால் போனில் இருப்பதாகவே தோன்றும். உண்மையில் ஒரே பிரதி, அதுவும் மேகத்தில். அதே ஆப்பில் Delete கொடுத்தால் மேகத்திலும் போனிலும் இரண்டிலும் போய்விடும். உங்கள் படம் எங்கே இருக்கிறது என்று தெரிய, போனில் இணையத்தை அணைத்துவிட்டு ஐந்து வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். மங்கலாகவே நின்றால் அது போனில் இல்லை.

சரி, என்ன செய்தோம்? முதலில் எதையும் அழிக்க வேண்டாம் என்றேன். அவர் பெயரிலேயே ஒரு மாதத்துக்கு 100 ஜிபி வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் மெயில் வரத் தொடங்கியது. படங்களை இறக்குவதற்கு இது கட்டாயம் இல்லை. அளவு மீறிய கணக்கிலிருந்தும் இறக்கலாம். மெயிலுக்காகவும், இன்னொரு காரணத்துக்காகவும் வாங்கச் சொன்னேன். அந்த நான்கு மாதத்தில் எடுத்த படங்கள் மேலே ஏறாமல் போனில் மட்டும் கிடந்தன. அவை ஏறி முடியட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தோம்.

மறுநாள் takeout.google.com போனோம்; கூகுளில் இருக்கும் நம் பொருளை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் பக்கம் அது. அங்கே எல்லாம் தேர்வாகி இருக்கும்; அதை நீக்கிவிட்டு போட்டோஸை மட்டும் குறித்தோம். ஜிப் கோப்பின் அளவு கேட்கும்: 50 ஜிபி வரை வைக்கலாம். வீட்டு இணைப்பில் 50 ஜிபி கோப்பு பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், அதனால் 10 ஜிபி வைத்தேன். தயாரானதும் மெயிலில் இணைப்பு வரும். மெயில் அடைபட்ட நிலையில் இதைச் செய்பவர்கள் அந்த மெயிலுக்குக் காத்திருக்காமல் டேக்அவுட் பக்கத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். இணைப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆயுள்.

51 ஜிபி எதிர்பார்த்த இடத்தில் 83 ஜிபி வந்தது, ஒன்பது ஜிப். சார் பதறிப்போனார். கணக்கில் சேராத பழைய படங்களும் இதில் வரும். ஆல்பத்தில் வைத்த படம் வருடக் கோப்புறையில் ஒரு முறை, ஆல்பக் கோப்புறையில் ஒரு முறை என்று இரண்டு தடவை வரும். அதனால் டிஸ்க் வாங்கும்போது திரையில் தெரியும் அளவை நம்பி வாங்காதீர்கள், இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுத்ததும் இன்னொரு குழப்பம். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் எல்லாம் அன்றைய தேதியைக் காட்டின. கேமரா படத்துக்குள் தேதி பதிந்திருக்கும். வாட்ஸ்அப் அதை உரித்துவிடும். நல்லவேளையாக IMG-20190414-WA0007.jpg என்ற மாதிரி பெயரிலேயே தேதி இருக்கிறது. தவிர ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் .json என்று முடியும் சின்னக் கோப்பு வரும். போட்டோஸில் நாம் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு, இடம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்துப் பலர் மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்.

ஒன்பது ஜிப்பும் பிழையில்லாமல் விரிகிறதா, மிகப் பழைய படமும் நேற்றைய படமும் திறக்கிறதா, வீடியோ கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் இரண்டாவது டிஸ்கிலும் பிரதி எடுத்தோம். இரண்டு டிஸ்கும் கையில் வந்த பிறகே மேகத்திலிருந்து பெரிய வீடியோக்களை அழித்தோம், அதுவும் browser வழியாக, தேதி பார்த்து. வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விட்டதில் 11 ஜிபி 3 ஆனது.

இதுவரை சொன்னது நம் சொந்தப் பொருள் பற்றி: நாம் எடுத்த படம், நமக்கு வந்த மெயில். சந்தாவில் நாம் 'டவுன்லோட்' செய்யும் பாட்டும் புத்தகமும் இந்த வகை இல்லை. ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் இறக்கிய பாடல்கள் பூட்டிய கோப்புகள். 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் வந்து சந்தாவைச் சரிபார்க்காவிட்டால், சந்தா இருந்தாலும் அவை ஓடாது. சந்தா முடிந்தால் பாடல் பட்டியல் மட்டும் மிஞ்சும். கிண்டில் அன்லிமிடெட் நூல்களும் முடிந்ததும் திரும்பப் போய்விடும். அதில் கோடிட்டு வைத்த பகுதிகள் வேண்டுமென்றால் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஆடிபிளில் கொஞ்சம் மாறுபாடு: சந்தாவோடு கிடைக்கும் கிரெடிட்டைக் கொடுத்து வாங்கிய ஒலிநூல் நிற்கும், செலவழிக்காத கிரெடிட் போய்விடும். அதனால் அங்கே ரத்து செய்யும் முன் கிரெடிட்டைத் தீர்த்துவிடுவது நல்லது.

தனியாக விலை கொடுத்து 'வாங்கியது' சந்தாவோடு போகாது. ஆனால் அதுவும் பயன்படுத்தும் உரிமம்தான், பொருள் நம்முடையது ஆவதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் திறக்காமல் போயின; பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தருவதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

சாரின் கணக்கு இப்போது 13 ஜிபியில் நிற்கிறது, 130 ரூபாய்த் திட்டத்தை அடுத்த மாதமே நிறுத்திவிட்டார். ஒரு டிஸ்க் அவர் வீட்டு அலமாரியில், இன்னொன்று மகனிடம் பெங்களூரில். நான்கு மாதத்தில் திரும்பிப் போன மெயில்கள் எவை என்று யாருக்கும் தெரியாது. காப்பீட்டு நிறுவனம், வங்கி, கேஸ் ஏஜென்சி என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு இடமாகப் போன் செய்து மறுபடி அனுப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.